ரிவ்யூவுக்கு முன் சக ஊழியர்களுக்கு நான் அனுப்பிய மெசேஜ்

எங்கள் அலுவலகத்தில் 360 டிகிரி ரிவ்யூ, அதாவது மேனேஜரோடு சக ஊழியர்களும் நம் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் மதிப்பீடு, வந்தால், யாரிடம் கருத்துக் கேட்கலாம் என்று நாமே பெயர் கொடுப்போம், மேனேஜர் சரி என்றதும் சிஸ்டத்திலிருந்து ஒரு மெயில் போகும்: "இவரைப் பற்றிய உங்கள் கருத்தைப் பகிரவும்." இப்படிக் கேட்டால் என்ன வரும்? "நல்ல டீம் பிளேயர், எப்போதும் உதவுவார்." யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அதனால் இந்த முறை அந்த மெயில் போவதற்கு முன்பே ஆளுக்கொரு மெசேஜ் தனித்தனியாக அனுப்பினேன். டெஸ்டிங்கில் இருப்பவருக்குப் போனது இது:

"ரிவ்யூவுக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மார்ச் மாத பில்லிங் ரிலீஸை மட்டும் வைத்து இரண்டு கேள்வி. நான் செய்ததில் எது உங்கள் வேலையை எளிதாக்கியது? எந்த இடத்தில் என்னால் உங்கள் வேலை தாமதமானது, அல்லது ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது? ஒவ்வொன்றுக்கும் நடந்த ஒரு சம்பவம் போதும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது. மேனேஜர் உங்கள் பெயருடன் பார்ப்பார், எனக்குப் பெயரில்லாமல் வரும். ஆனால் சம்பவத்தைப் படித்தால் யார் என்று நான் ஊகித்துவிட முடியும், அது சங்கடம் என்றால் பொதுவாக எழுதுங்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை."

இரண்டாவது கேள்வியின் வார்த்தைக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். "என் குறை என்ன" என்று கேட்டால் என்னை எடை போடச் சொல்வதாகிவிடும், யாருக்கும் கை வராது. தன் வேலை எங்கே நின்றது என்பதை யாரும் தயங்காமல் சொல்வார்கள். "நான் தகவல் சொல்வதில் குறை உண்டா" என்று பதிலை நாமே ஊட்டிவிடவும் கூடாது, அப்புறம் எல்லோரும் அதையே எழுதுவார்கள். மார்ச் ரிலீஸ் மட்டும் என்று காலத்தைக் குறுக்கியதற்கும் காரணம் உண்டு, இல்லையென்றால் போன வாரம் நடந்தது மட்டும்தான் நினைவில் இருக்கும்.

வந்த பதில்களில் ஒன்று: "பில்டோடு என்ன மாறியது என்று எழுதித் தருவார், எதை முதலில் சோதிப்பது என்று தெரிந்துவிடும். ஆனால் வரிக் கணக்கு விதியை மாலையில் மாற்றிவிட்டு மறுநாள் மீட்டிங்கில்தான் சொன்னார், அதற்குள் பழைய விதிப்படி பாதி முடித்திருந்தோம்." மேனேஜரும் நானும் அரை மணி நேரம் இதைப் பற்றியே பேசினோம்.

இன்னொன்று, நண்பர்கள் பெயராகக் கொடுத்தால் மெசேஜ் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. டிசைன் விஷயத்தில் என்னோடு அடிக்கடி முட்டிக்கொள்பவரையும் சேர்த்தேன். அவர் சாட்டில், "எல்லாம் நல்லாத்தான் போச்சு, என்ன எழுத?" என்றார். "அதே ரிலீஸ் திரும்ப வந்தால் நான் எதை வேறு மாதிரி செய்யணும்?" என்று கேட்டேன். உடனே நீளமாக டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார், இதையெல்லாம் ஃபார்மிலேயே எழுதுங்கள் என்று நிறுத்த வேண்டியதாயிற்று.