ஸ்கேனில் தெரிந்த ஜவ்வு ஐந்து வருஷமாக அங்கேதான் இருந்தது

சேலம் சிவதாபுரம் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. வயது 43. 2023 தீபாவளி ஆர்டருக்காக ஒன்றரை மாதம் தினமும் பதினொரு பன்னிரண்டு மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு, குனிந்தபடி பற்றவைக்கும் வேலை. இரவு நாலு மணி நேரத் தூக்கம்தான். அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடுப்பின் இடது பக்கம் பிடித்துக்கொண்டது. புட்டம் வரைக்கும் ஒரு கனமான வலி. ரெண்டு மாதம் தைலம், ஒத்தடம், மாத்திரை என்று ஓட்டினேன், விடவில்லை. 2024 ஜனவரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தேன்.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்: எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்பின் நாலாவது ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, வலது பக்கம் கொஞ்சம் அதிகம், வலது நரம்பு வேரைத் தொடுகிறது. அதற்குக் கீழே எல்5-எஸ்1 இடத்திலும் லேசான பல்ஜ். அப்புறம் இடுப்பு முள்ளெலும்புகளில் தேய்மானம். கடைசி வரியில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் பார்த்த இடத்தில் ரிப்போர்ட்டைப் படித்த கையோடு, "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துது, இனிமே குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கீழே உட்காரக் கூடாது" என்றார்கள். என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு பெல்ட் ஒன்று கொடுத்தார்கள். சொன்னதை அப்படியே செய்தேன். பட்டறையில் நாற்காலி போட்டேன், தண்ணீர்க் குடத்தை வீட்டுக்காரி தூக்கினாள், குளிக்கும் நேரம் தவிர பெல்ட் கழற்றவில்லை. கீழே விழுந்த கம்பித் துண்டை எடுக்கக்கூடப் பையனைக் கூப்பிடுவேன். ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு போவோம். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும் என்பதால் அந்த வருஷம் அவர்களை மட்டும் அனுப்பிவிட்டேன். இவ்வளவு பத்திரமாக இருந்தும் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. முன்பு மாலையில்தான் வலிக்கும், இப்போது காலையில் பல் தேய்க்கக் குனிந்தாலே பயம் வந்து முதுகு முழுக்க விறைத்துக்கொள்ளும்.

ஆகஸ்டில் என் மச்சான் வற்புறுத்தி இன்னொரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை அப்புறம் பாப்போம், முதல்ல நீங்க சொல்லுங்க" என்றார். எந்தப் பக்கம், முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, பாதத்தில் மரத்துப்போகிறதா, இருமினால் காலில் சுரீரென்று இழுக்கிறதா, உட்கார்ந்தால் கூடுமா நடந்தால் கூடுமா, தூக்கம் எப்படி என்று இருபது நிமிடம் கேட்டார். வலி இடது பக்கம், முழங்காலைத் தாண்டியதே இல்லை, மரப்பு இல்லை, நடந்தால் கொஞ்சம் தேவலை, ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மோசம் என்றேன்.

பிறகு படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கினார். நரம்பு வேர் அழுந்திக் கோபமாக இருந்தால் கால் பாதி தூரம் எழும்பும்போதே புட்டத்திலிருந்து பாதம் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்குமாம். எனக்கு எழுபது டிகிரிக்கு மேல் போயும் தொடையின் பின்பக்கத் தசை இறுகியதே தவிர வேறொன்றும் இல்லை. பெருவிரலை மேலே நிமிர்த்தச் சொல்லி அவர் கீழே அழுத்தினார். ரெண்டு காலிலும் ஒரே பலம். எல்4-எல்5 டிஸ்க் ஓரமாகப் பிதுங்கினால் வழக்கமாக மாட்டுவது எல்5 நரம்பு. அது பழுதானால் முதலில் சோர்ந்துபோவது இந்தப் பெருவிரல்தான், மரப்பும் காலின் வெளிப்பக்கத்திலும் பாதத்தின் மேற்புறத்திலும் இருக்கும் என்றார். குதிகாலில் நாலு எட்டு, முன்பாதத்தில் நாலு எட்டு நடக்கச் சொன்னார், சிறு சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டினார், பஞ்சால் பாதத்தைத் தொட்டுக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டைத் திருப்பிப் படித்தார். "இதுல வலது நரம்பைத் தொடுதுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு வலி இடது. நரம்பு வலியோட அடையாளமும் ஒண்ணும் இல்ல. படத்துல இருக்கறது உங்க உடம்புல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்கன்னுதான் கடைசி வரில எழுதியிருக்காங்க. அதைத்தான் இப்ப நாம பண்ணினோம், ஒத்துப்போகல."

எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டு மாதமாக அந்த ஜவ்வை நினைத்துத்தான் எழுந்திருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன். "அப்ப அந்த பல்ஜ் பொய்யா டாக்டர்?" என்று கேட்டேன். பொய்யில்லை, இருக்கிறது, ஆனால் அதுதான் வலிக்குக் காரணம் என்று படம் மட்டும் சொல்லிவிட முடியாது என்றார். இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்ததாம். அதில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது, டிஸ்க் தேய்மானம் 68 சதவீதம் பேருக்கு. எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் நீர் வற்றி, உயரம் குறைந்து, ஓரம் கொஞ்சம் பிதுங்கும் என்றார். இதை மட்டும் சொல்லி நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். ஐம்பது வயதுக்கு உள்ளே வலி இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வலி இருப்பவர்களிடம் பல்ஜ் அதிகம். அதனால் சம்பந்தமே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்த ஒரு ஆளுக்கு வலி அதனாலா என்பதைப் படம் தனியாகச் சொல்லாது.

அதைவிட என்னை மாற்றியது அடுத்து அவர் கேட்ட கேள்வி. "இதுக்கு முன்னாடி எதுக்காகவாவது வயித்துல ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" எடுத்திருந்தேன். 2018இல் சிறுநீரகக் கல்லுக்கு சி.டி. ஸ்கேன். அந்தக் கவரைப் பீரோவில் நகைச் சீட்டு ரசீதுகளோடு வைத்திருந்தேன். மறுநாள் கொண்டுபோனேன். கல்லுக்காக எடுத்த படத்தில் முதுகெலும்பும் சேர்ந்து விழும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதிலிருந்த குறுந்தகட்டைக் கணினியில் போட்டுப் பக்கவாட்டுப் படத்தைத் திருப்பிக் காட்டினார். எல்4-எல்5 இடைவெளி மேலே உள்ளவற்றைவிட ஒடுங்கியிருந்தது, எலும்பு விளிம்பில் முள் மாதிரி ஒரு கூர், டிஸ்க் பின்பக்கம் லேசாகத் தள்ளியிருந்தது. பக்கத்தில் 2024 எம்.ஆர்.ஐ. படத்தை வைத்தார். சி.டி.யில் நரம்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் காட்டினார், ஆனாலும் அந்த ஒடுக்கமும் பிதுக்கமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. 2018இல் நான் அரிசி மூட்டையைத் தோளில் போட்டு மாடி ஏறிக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி என்றால் என்னவென்றே தெரியாத காலம். பழைய ரிப்போர்ட்டை வாசித்துப் பார்த்தால் அதிலும் கடைசியில் முதுகெலும்பில் தேய்மான மாற்றங்கள் என்று ஒரு வரி இருக்கிறது. கல்லைப் பார்த்த மும்முரத்தில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லாததால் ஐந்து வருஷம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, அப்படியானால் வலி எதனால் என்று கேட்டேன். இந்தத் தசை, இந்த மூட்டு என்று விரலை வைத்துச் சொல்ல முடியாது என்றார், பெரும்பாலான இடுப்பு வலியில் அப்படித்தானாம். ஒன்றரை மாதம் உடம்பு பழகாத அளவுக்கு உட்கார்ந்ததும் தூக்கமில்லாததும் அதைக் கிளப்பியிருக்கலாம். பிறகு எட்டு மாதம் அசையாமல் இருந்ததில் தசை சோர்ந்தது, பயத்தில் எப்போதும் இறுக்கிப் பிடித்ததில் நரம்பு மண்டலமே உஷாராகிச் சின்ன அசைவுக்கும் வலி காட்டப் பழகிவிட்டது. வலி நிஜம்தான், ஆனால் வலிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை என்று சொல்லிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் வாரம் பெல்ட்டை வீட்டில் கழற்றினேன், மூன்றாம் வாரம் முழுக்க. தினமும் பதினைந்து நிமிட நடையில் தொடங்கி நாற்பது நிமிடம் வரை. குனிவதற்கு முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தரைக்குக் கொண்டுபோவது, பிறகு நின்றபடி. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அஞ்சு கிலோ அரிசி போட்டுப் பத்துத் தடவை தூக்கி வைப்பேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோ கூட்டுவேன். கணக்கு ஒன்றுதான்: செய்யும்போது வலி பத்துக்கு நாலு வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும். ஆறாவது வாரம் ஆசைப்பட்டு ஒரேயடியாகப் பன்னிரண்டு கிலோ போட்டேன், மூன்று நாள் படுத்தேன். பழைய பயம் திரும்பி, புது ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தேன். கால் மரத்ததா, பலம் குறைந்ததா என்று கேட்டார். இல்லை என்றதும், ஏழு கிலோவுக்கு இறங்கி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பட்டறையில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து வருவேன்.

ஐந்து மாதத்தில் வலி ஏழிலிருந்து இரண்டுக்கு வந்தது. அடியோடு போகவில்லை, ஆர்டர் நெருக்குகிற வாரத்தில் எட்டிப் பார்க்கும். மறு கோடையில் சேர்வராயன் குகைக்குள் எல்லோரோடும் குனிந்து போய்க் கும்பிட்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு மாமாவுக்கு வலது காலில் பாதம் வரை சுரீர் வலி, நடக்கும்போது செருப்பு நழுவும், பெருவிரலை நிமிர்த்த முடியாது. அவர் ஸ்கேனில் அதே வலது எல்5 நரம்பை டிஸ்க் நசுக்கியிருந்தது. படமும் உடம்பும் ஒன்றையே சொன்னதால் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, மலம் கழுவும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது இதில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது இவற்றையும் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் என் சித்தி மகன் போன் செய்தான். கழுத்து வலிக்கு ஸ்கேன் எடுத்தானாம், மூன்று இடத்தில் பல்ஜ். குரல் உடைந்திருந்தது. "அண்ணா, கழுத்து போச்சுண்ணா" என்றான். கை மரக்கிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை, பின்கழுத்தில் மட்டும் வலி என்றான். ஜப்பானில் கழுத்தில் ஒரு தொந்தரவும் இல்லாத 1,211 பேரைப் படம் எடுத்ததில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கியிருந்ததை டாக்டர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கீழே இறங்கி வருகிறான். பழைய எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கையைத் தொட்டு, பலம் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்க்கிற அதே டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.