4175 ஃபிரேம், ஆறு நாள் கணக்கு: ஒரு வீட்டு வாக்த்ரூவை ரெண்டருக்குப் போடும் முன்

ஒரு கட்டுநருக்காக 2 நிமிடம் 40 விநாடி ஓடும் வீட்டு வாக்த்ரூ, அதாவது கேமரா வீட்டைச் சுற்றி நடந்து காட்டும் படம், செய்துகொண்டிருந்தேன். பிளெண்டர், அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜின், 1920×1080, விநாடிக்கு 25 ஃபிரேம். அனிமேஷன் முடிந்த அன்று கையில் இருந்தது ஐந்து நாள். முதல் ஃபிரேமை ரெண்டர் செய்து பார்த்தேன், 50 விநாடி. 160 விநாடிப் படம் என்றால் 4000 ஃபிரேம். பெருக்கினால் 55 மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது இரண்டரை நாள்கூட இல்லை. பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். முந்தைய வேலை ஒன்றில் அப்படிப் போய் மாட்டிக்கொண்டதால் இந்த முறை ஒரு மாலையைக் கணக்குக்கென்றே ஒதுக்கினேன்.

முதலில் ஃபிரேம் எண்ணிக்கையே தப்பு என்று தெரிந்தது. படத்தில் எட்டு ஷாட். ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஒரு விநாடி டிசால்வில் சேர்கிறது. அந்த ஒரு விநாடியில் இரண்டு ஷாட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுவதால் அந்த 25 ஃபிரேமை இரண்டு தடவை ரெண்டர் செய்தாக வேண்டும். ஏழு இணைப்புக்கு 175 ஃபிரேம் கூடுதல். எடிட் ஆகி வரும் படத்தின் நீளம் வேறு, ரெண்டர் செய்ய வேண்டிய நீளம் வேறு. என் கணக்கு 4175 ஆனது.

அடுத்தது நேரம். முதல் ஃபிரேம் வீட்டின் முன்புறம்: வெயில், வானம், சுவர். சைக்கிள்ஸுக்கு அதைவிட எளிதான காட்சி கிடையாது. ஒரு பிக்சலில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அந்தப் பிக்சலை அது விட்டுவிடும். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் அது சீக்கிரம் நடக்கும். ஜன்னல் வழியே வந்து சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நம்பியிருக்கும் அறைக்குள் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் எட்டு ஷாட்டையும் ஒரே ஃபைலில் வரிசையாக வைத்து, 80 ஃபிரேமுக்கு ஒன்று வீதம் ரெண்டர் செய்யச் சொன்னேன்.

```
blender -b veedu.blend -o //test/f_##### -s 1 -e 4175 -j 80 -a
```

இதில் வரிசை முக்கியம். `-a` கடைசியில் இருக்க வேண்டும். முன்னால் போட்டால் அதற்குப் பின்னால் வரும் எதையும் கவனிக்காமல் ரெண்டரைத் தொடங்கிவிடும். 53 ஃபிரேம் முடிய இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. ஒவ்வொரு ஃபிரேம் முடிந்ததும் டெர்மினலில் `Time:` என்று ஒரு வரி வரும். அதை ஷாட் வாரியாகப் பிரித்து எழுதினேன்.

வெளிப்புற ஷாட்களின் 1450 ஃபிரேமுக்குச் சராசரி 50 விநாடி. கூடம், அறைகள், சமையலறை சேர்ந்து 2300 ஃபிரேம், சராசரி 140 விநாடி. குளியலறை 425 ஃபிரேம்தான், ஆனால் அங்கே கண்ணாடித் தடுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் இருக்கின்றன. அதில் சிக்கிய ஐந்து சோதனை ஃபிரேம்களின் நேரம் 170, 230, 390, 410, 250. கேமரா கண்ணாடியை நோக்கித் திரும்பத் திரும்ப நேரம் ஏறி, கடந்து போனதும் இறங்குவது எண்ணிலேயே தெரிகிறது. சராசரி 290. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பது எது என்று பார்த்தால் 250 வரும். ஆனால் மொத்த நேரத்தைக் கணக்கிடச் சராசரிதான் வேண்டும், ஏனென்றால் அந்த 410-ஐயும் நாம்தான் சுமக்கப் போகிறோம்.

மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 144 மணி நேரம். முழுதாக ஆறு நாள். இதன்மேல் 15 சதவீதம் சேர்த்தேன். கணினி பல மணி நேரம் சூடாக ஓடிய பிறகு அதே 50 விநாடி ஃபிரேம் 54 ஆவதை நானே பார்த்திருக்கிறேன். மின்வெட்டுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆக ஏழு நாள். கையில் இருப்பது ஐந்து.

அதற்குள் டிஸ்க் கணக்கும் பயமுறுத்தியது. சோதனை ஃபிரேம்கள் வெளிச்சம், நிழல் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பல பாஸ்களோடு 32 பிட் மல்டிலேயர் இஎக்ஸ்ஆராகப் போயிருந்தன, ஒன்று சராசரி 70 எம்பி. 4175 ஃபிரேமுக்கு 292 ஜிபி. என் டிஸ்கில் காலியாக இருந்தது 180. கம்பாசிட்டில் நான் தொடப்போவது எந்தெந்த பாஸ் என்று உட்கார்ந்து யோசித்து, மற்றதை நீக்கி, 16 பிட்டுக்கு மாற்றினேன். ஃபிரேம் 18 எம்பி ஆனது, மொத்தம் 75 ஜிபி. இரைச்சல் அதிகமுள்ள ஃபிரேம் நன்றாகச் சுருங்காது. அதனால் அளவையும் அறைக்குள் எடுத்த ஃபிரேமில்தான் பார்க்க வேண்டும், வானம் தெரியும் ஃபிரேமில் அல்ல.

வெளிப்புறம் வீட்டுக் கணினியில், உள்புறமும் குளியலறையும் வாடகைக் கணினிகளில் என்று முடிவு செய்தேன். வெளிப்புறத்துக்கு 15 சதவீதம் சேர்த்தும் 23 மணி நேரம்தான். வாடகைக் கணினி ஒன்றை ஒரு மணி நேரம் மட்டும் எடுத்து அதே சோதனை ஃபிரேம்களை அங்கே ஓட்டினேன். அறை ஃபிரேம் 40 விநாடியில் முடிந்தது. சந்தோஷத்தோடு படத்தைத் திறந்தால் மரத்தளம் முழுக்க அடர் இளஞ்சிவப்பு! டெக்ஸ்சர்கள் என் டிஸ்கிலேயே இருந்துவிட்டன. `Pack Resources` கொடுத்து எல்லாவற்றையும் ஃபைலுக்குள் அடைத்து மறுபடி ஓட்டியதும் 60 விநாடி வந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக முடியும் சோதனை ஃபிரேமை நான் இப்போதெல்லாம் கட்டாயம் திறந்து பார்க்கிறேன்.

குளியலறை அங்கே 120 விநாடி. 2725 ஃபிரேமுக்கு 52 மணி நேரத்துக்குச் சற்று மேல், மூன்று கணினியில் பிரித்தால் சுமார் 18 மணி நேரம். இதை, பல கணினிகளில் பிரித்து ரெண்டர் செய்யும் ஃபார்ம் வேலை தெரிந்த ஒரு தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, ஃபிரேமுக்கு ஒரு டாஸ்க்னு போட்டுடாதீங்க. ஃபைல் திறக்கிற நேரத்துக்கும் மீட்டர் ஓடும்" என்றான். `Time:` வரியில் அந்த நேரம் வராது என்பதால் நான் அதைக் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை. டெக்ஸ்சர் எல்லாம் அடைத்த ஃபைல் திறக்க 25 விநாடி. 2725 தடவை திறந்தால் 19 மணி நேர வாடகை வீண். 25 ஃபிரேமுக்கு ஒரு டாஸ்க் என்று வைத்தால் 109 தடவை, முக்கால் மணி நேரத்தோடு போயிற்று. அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

முடிந்த ஃபிரேம்கள் வீட்டுக்கு வரும் நேரமும் இருக்கிறது. 49 ஜிபி, விநாடிக்கு 5 எம்பி வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். பழைய 70 எம்பி அளவிலேயே விட்டிருந்தால் பத்தரை மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை வாடகை டிஸ்கையும் விட முடியாது.

வீட்டில் 23 என்று போட்டது 24 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது. வாடகையில் 18 என்று போட்டது 20 ஆனது, நடுவில் ஒரு கணினி நின்றுபோனதால். ஃபிரேம் ஃபிரேமாகத் தனி ஃபைலில் போனதால் அதுவரை முடிந்தது பத்திரமாக இருந்தது. `Overwrite` டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கியதும் இருப்பதை விட்டுவிட்டு மீதியை மட்டும் செய்தது. ஆனால் நின்ற நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபிரேம் பாதியில் அறுந்திருக்கும், அதையும் 'இருக்கிறது' என்றே பிளெண்டர் எடுத்துக்கொள்ளும். எல்லாம் இறங்கிய பிறகு இதை ஓட்டினேன்.

```
find render -name "*.exr" -size -5000k
```

குளியலறையில் ஒரே ஒரு ஃபைல் மாட்டியது. அதை அழித்து, அந்த ஒரு ஃபிரேமை மட்டும் வீட்டிலேயே ரெண்டர் செய்து சேர்த்தேன். அப்போது மூன்றாம் நாள் காலை.