அங்க டிவி இல்லையா?

“அங்க டிவி இல்லையா?” என்று நான் கேட்டேன். அதை நான்தான் கேட்டேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

அதற்கு முன்னால் அந்தத் தம்பி சொன்னது இது: “மேட்ச் பாக்கலைங்கண்ணா. சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. எங்கள் மாங்கூழ் ஆலைக்குப் பழம் பார்க்கச் சந்தூர் பக்கம் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். லேபுக்குப் புதிதாக வந்த பையன், பென்னாகரத்துக்காரன், அன்றுதான் முதல் நாள். உலகக் கோப்பை முடிந்து ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் கிருஷ்ணகிரியில் டீக்கடை, மண்டி, எடைமேடை எங்கே நின்றாலும் சூரியகுமார் பிடித்த கேட்ச்சைப் பற்றித்தான் பேச்சு. பேச்சை ஆரம்பிக்க அதைவிடத் தோதான விஷயம் எனக்கு இந்தப் பதினெட்டு சீசனில் கிடைத்ததில்லை.

கொள்முதல் வேலையில் ஒவ்வொரு சீசனுக்கும் புது ஆள் வருவார். அவரோடு ஜூலை முடியும்வரை ஒரே வண்டியில் சுற்ற வேண்டும். முதல் நாள் மௌனமாகப் போனால் சீசன் முழுக்க மௌனம்தான். தோட்டக்காரரிடம் விலை பேசும்போது லேப் ஆளும் நானும் கண்ணாலேயே பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். முன்பின் பழகாதவர்களுக்கு அது வராது. அதனால் முதல் நாளே பேச வைத்துவிடுவது என் வழக்கம். சாப்பாடு, சினிமா, கிரிக்கெட் என்று மூன்றே விஷயம். அதிலும் எனக்குச் சில கணக்குகள் உண்டு.

சாப்பாடு என்றால் “சைவமா, அசைவமா” என்று கேட்க மாட்டேன். நம் பக்கத்தில் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை, சாதியைப் பற்றியது. “உங்க ஊர்ல டிபன் எங்க நல்லா இருக்கும்?” என்று கேட்டால் யாருக்கும் நோகாது. கடை பேர் சொல்வார்கள், அப்புறம் அவர்களே மேலே பேசுவார்கள். சினிமாவில் “யார் ரசிகர்?” என்று கேட்பதில்லை. 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி அறிவித்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் எது என்று கேட்டால் போதும். கிரிக்கெட் மூன்றிலும் சுலபம். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் போனதிலிருந்து இங்கே எல்லோருக்கும் அவர் தூரத்துச் சொந்தம் மாதிரி. அவருடைய யார்க்கரைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்காதவர்கூட ஒரு வார்த்தை சொல்வார்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்காத ஒரு வார்த்தையையும் சேர்த்து வைத்தால், அடுத்த கேள்வியை அந்த வார்த்தையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதை அவர் சும்மா சொல்வதில்லை. இதை நானே புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சரி, அன்று என்ன செய்தேன்?

கிருஷ்ணகிரி தாண்டியதும் வீட்டில் காலையில் களியா, சோறா என்று கேட்டேன். “இப்பல்லாம் களிதாங்கண்ணா, அப்பாவுக்காக” என்றான். “அப்பாவுக்காக” என்பது நான் கேட்காதது. நான் களியைப் பிடித்துக்கொண்டேன். நொய்யை முதலில் வேகவிட்டு, மாவை மேலே கொட்டி, உடனே கிளறாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும் என்று என் அம்மா கிண்டும் விதத்தை விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான். கொள்ளுக் கடைசலா, கீரையா என்று அதில் கொஞ்ச நேரம் போயிற்று.

அப்புறம் மேட்ச். ஆஸ்பத்திரி. “அங்க டிவி இல்லையா?”

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே, “இருந்துச்சு” என்றான். அவ்வளவுதான். வழக்கமாக ஒற்றை வார்த்தையில் பதில் வந்து, திரும்பக் கேள்வியும் வராவிட்டால், விஷயத்தை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் விடவில்லை. பார்க்காதவனுக்குச் சொல்லிக் காட்டுவது சுகம் இல்லையா? 30 பந்தில் 30 ரன் போதும் என்ற இடத்திலிருந்து தென்னாப்பிரிக்கா எப்படிச் சரிந்தது, கடைசி ஓவரில் 16 ரன் வேண்டியிருந்தபோது ஹர்திக்கின் முதல் பந்தை மில்லர் தூக்கி அடித்தது, எல்லைக் கோட்டைத் தாண்டப்போன சூரியகுமார் பந்தை மேலே எறிந்துவிட்டு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தது. ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நடித்தே காட்டினேன்.

அவன் சிரித்தான். அதுதான் என்னைக் குழப்புகிறது. “கயிறு நகர்ந்திருந்துச்சுன்னு சொல்றாங்களேண்ணா?” என்று அவனே கேட்டான். மேட்ச் பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? மொபைலில் பார்த்திருப்பான். அதிலிருந்து சந்தூர் வரும்வரை இருவரும் விடாமல் பேசினோம். அன்று சாயங்காலம் மேனேஜரிடம், புதுப் பையன் நன்றாகப் பழகுகிறான் என்று சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து எடைமேடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பையன் சம்பள அட்வான்ஸ் கேட்டிருக்கிறான். அப்பாவுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. கால் விரலில் வந்த புண் கறுத்து மேலே ஏறி, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் டிவி இருந்ததா என்று கேட்டது அந்த ராத்திரியைப் பற்றி.

மறுநாள் யார்டில் அவன் பழத்தின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு பார்த்துக்கொண்டிருந்தான். பெங்களூரா பழத்தை அறுத்து, சாற்றில் ஒரு சொட்டைக் குழல் மாதிரிக் கருவியின் கண்ணாடியில் விட்டு, மூடியை அமுக்கி, வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் பார்ப்பான். கூழ் 14க்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கணக்கு. பக்கத்தில் நின்று, “தம்பி, அன்னைக்கு எனக்குத் தெரியாது” என்றேன். கண்ணைக் குழலிலிருந்து எடுக்காமலேயே, “பரவாயில்லைங்கண்ணா, எனக்கும் அன்னைக்கு வேற ஏதாச்சும் பேசினா போதும்னுதான் இருந்துச்சு. பதிமூணு புள்ளி அஞ்சு” என்றான்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு பல நாள் நிம்மதியாக இருந்தேன். முதல் நாள் பார்த்த மனிதரிடம் ஆஸ்பத்திரியில் யார், என்ன நோய் என்று தோண்டுவது என்ன நாகரிகம்? அவனுக்கு விருப்பம் இருந்தால் சொல்லியிருப்பான். அப்புறம் ராத்திரியில் தோன்றும்: சொல்லத்தானே பார்த்தான். இரண்டு முறை வார்த்தையை நீட்டினான். நான் இரண்டு முறையும் பக்கத்து வார்த்தையைப் பிடித்தேன். “என்னாச்சு தம்பி?” என்று கேட்டிருந்தால் அவன் “ஒண்ணுமில்லைங்க” என்றே சொல்லியிருக்கலாம். அப்போதாவது பேசுவதும் விடுவதும் அவன் இஷ்டமாக இருந்திருக்கும்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல் என் காதில் விழாமல் போகவில்லை. விழுந்தது. விழுந்ததால்தான் அவ்வளவு வேகமாக டிவிக்குத் தாவினேன். பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம்தான் என்று முதலில் நினைத்தேன். இப்போது யோசித்தால், காலை எட்டு மணிக்கு, முன்னால் நான்கு தோட்டம் பாக்கி இருக்கும்போது, இன்னொருவர் கஷ்டத்தை வண்டியில் ஏற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. மூன்று பாதுகாப்பான விஷயங்கள் யாருடைய பாதுகாப்புக்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதற்காக வழக்கத்தை மாற்றிவிட்டேனா என்றால், இல்லை. போன சீசனிலும் புது ஆளிடம் டிபன் கடையில்தான் ஆரம்பித்தேன். அவருக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை, சீசன் நன்றாகவே போயிற்று.

அந்தத் தம்பி இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறான். மேட்ச் நடக்கும் நாளெல்லாம் மெசேஜ் வரும். அப்பா எப்படி இருக்கிறார், செயற்கைக் கால் பொருத்தினார்களா என்று இரண்டு முறை டைப் செய்து அழித்திருக்கிறேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்டால், என்ன பதில் வருமோ என்று பயம். போன வாரம் ஒரு யார்க்கர் வீடியோ அனுப்பியிருந்தான். ஸ்டம்ப் நடுவில் பிளந்து கிடந்தது. சூப்பர் என்று போட்டேன்.