வருமானக் கேள்வி ஒன்று உடைந்த கதை: திருகோணமலைக் கடற்கரையில் ஒரு முன்னோடி ஆய்வு

கடற்றொழில் குடும்பங்களின் வருமானம் பற்றிய வினாக்கொத்து ஒன்றை, பிரதான ஆய்வுக்கு முன் களத்தில் ஓட்டிப் பார்த்து ஒருவாறு கரை சேர்த்தாயிற்று. மொழிபெயர்ப்பு, அனுமதிக் கடிதம், டெப்பில் படிவம் ஏற்றுவது எல்லாம் இழுபறி இல்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது எந்த வினாக்கொத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற ஒரு சாதாரணக் கேள்வி: "உங்கள் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் எவ்வளவு?"

முதலில் வீடு தெரிவு. முன்னோடி ஆய்வுக்கு 30 வீடுகள் போதும். பத்தில் ஒருவரைக் குழப்பும் கேள்வி என்றால், 30 பேரில் ஒருவரிடமாவது அந்தக் குழப்பம் தலைகாட்ட 95 வீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு, வீடுகளை எழுந்தமானமாக எடுத்தால் மட்டும்தான். உள்ளூர் அலுவலகம் ஒன்றில் உதவி கேட்கப்போக, அலுவலர் ஒருவர் தானே பெயர்களை எழுதிக் கையில் தந்துவிட்டார். முழுக்க வீதியோரத்து வீடுகள், ஏற்கெனவே பல கணக்கெடுப்புகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள். அவர்களிடம் எந்தக் கேள்வியும் உடையாது. கேட்டு முடிக்குமுன் பதில் வரும். வேலைக்காகாத பட்டியல். பெயர்ப்பட்டியலை முழுதாக வாங்கி, அதில் வள்ளம் வைத்திருப்பவர், பங்குக்குப் போகிறவர், கரைவலை இழுப்பவர், மீன் விற்கும் பெண்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீரான இடைவெளியில் வீடுகளை எடுப்பதுதான் சரி. பிரதான ஆய்வுக்குள் வராத கிராம சேவகர் பிரிவுகளில் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. முன்னோடி ஆய்வில் பதில் சொன்னவரை மறுபடி கேட்டால், அவருக்குக் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நேரமும் சதி செய்யும். இரவுத் தொழிலுக்குப் போனவர் விடியக் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போனால்தான் ஆளைப் பிடிக்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை பகலில் போவது எண்ணெய்ச் செலவுக்குக் கேடு. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருப்பார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கேள்வி கேட்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடச் சொல்லியிருந்தோம்: நேராகப் பதில் வந்தால் 1, எதிர்க்கேள்வி வந்தால் 2, கேட்டதற்குப் பொருந்தாத பதில் என்றால் 3. 2, 3 குறிகள் ஒரு கேள்வியில் 15 வீதத்தைத் தாண்டினால் அதைத் திருத்த வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான எல்லை. வருமானக் கேள்வி அதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. திருக்கடலூரில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, சீசனிலயா, மாரியிலயா? எண்ணெய்க் காசு கழிச்சா, கழிக்காமலா? வள்ளத்துப் பங்கையும் சேர்த்தா?" ஒரே மூச்சில் மூன்று ஓட்டையைக் காட்டிவிட்டார்.

பதில் சொன்னவர்களும் ஒரே விடயத்தைச் சொல்லவில்லை. "இந்தத் தொகைக்கு எப்படிக் கணக்குப் பார்த்தீங்க?" என்று சிலரிடம் கிளறிக் கேட்டபோதுதான் அது வெளியில் வந்தது. வள்ளக்காரர் மீன் விற்ற முழுக் காசைச் சொல்லியிருக்கிறார். பங்குக்காரர், எண்ணெய், ஐஸ், சாப்பாடு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கும் போன பிறகு கைக்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். முதலாளியிடம் வாங்கிய முற்பணம் கழிபட்ட மிச்சத்தை மட்டும் சொன்னவர்களும் உண்டு. தாளில் பார்த்தால் எல்லாம் ஐயாயிரத்தில் முடிகிற அழகான தொகைகள். வருமானக் கட்டத்தில் இப்படி முழு எண்களே வரிசை கட்டி நின்றால், அது கணக்கல்ல, ஊகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருத்தியபோது ஒரு கேள்வி நான்காகப் பிரிந்தது. உங்கள் தொழில் சொந்த வள்ளமா, பங்கா, கரைவலையா? கடந்த 7 நாளில் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்? கடைசியாகப் போன அன்று, செலவும் பங்கும் கழித்து உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு? அதில் முற்பணத்துக்குக் கழித்தது எவ்வளவு? இடையில் ஒருவர், "நேற்று எவ்வளவு?" என்று கேட்டால் ஞாபகம் துல்லியமாக இருக்குமே என்றார். ஞாபகம் இருக்கும்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊரில் சனிக்கிழமை கேட்டால், எல்லோருக்கும் பூச்சியம் விழும். 7 நாள் என்றால் எந்தக் கிழமையில் கேட்டாலும் ஓய்வு நாள் ஒன்று உள்ளே வந்துவிடும். ஒன்று மட்டும் இதிலும் தீராது: மாரியில் கேட்ட 7 நாளை வைத்து வருடக் கணக்குப் போட முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு சுற்று, கடல் அடங்கிய பிறகு இன்னொரு சுற்று என்று இருமுறை கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது, பதிலைக் கையைப் பிடித்து இழுக்கிற கேள்வி. "மண்ணெண்ணெய் விலை உயர்வால் உங்கள் தொழில் எவ்வளவு பாதிக்கப்பட்டது?" 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போன பிறகு இதைக் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? எண்ணெயே தேவைப்படாத கரைவலைக்காரர்கூட "மிகவும்" என்றார். நிவாரணம் வரப்போகிறது என்ற நினைப்பும் சேர்ந்திருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க, அரைவாசி வீடுகளில் பழைய வடிவம், மற்ற அரைவாசியில் புதிய வடிவம்: "போன வருடம் இதே காலத்தோடு பார்த்தால் வருமானம் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?" அதன்பின் "காரணம் என்ன?" என்று மட்டும், தெரிவு எதுவும் வாசிக்காமல். புதிய வடிவத்தில் எண்ணெயோடு மீன் விலை, வலை அறுப்பு, எஞ்சின் பழுது எல்லாம் வந்தன. பழைய கேள்வி இவை எல்லாவற்றையும் மூடி மறைத்திருக்கிறது.

இந்த நேரத்தில், ஆய்வுக்குப் பொறுப்பான இடத்திலிருந்து, குரோன்பாக் அல்பா 0.7க்கு மேல் காட்டினால்தான் அடுத்த கட்டம் என்று ஒரு பிடிவாதம். அல்பா, ஒரே விடயத்தை அளக்கும் பல கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கும். எத்தனை நாள் கடலுக்குப் போனார், கைக்கு எவ்வளவு வந்தது என்ற கேள்விகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. எல்லாக் கூற்றுக்கும் "ஆம்" போடுகிறவர்களாலும் அல்பா உயரும். கேள்விவாரியாகக் குறி எண்ணிக்கை, பழைய வடிவம், புதிய வடிவம், மாற்றிய காரணம் என்று நான்கு நிரலில் ஓர் அட்டவணை கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்கள். அதே அட்டவணை, திருத்திய வினாக்கொத்தை ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் திரும்ப அனுப்பும்போதும் உதவியது. அனுமதி கிடைத்த பிறகு கேள்வியை மாற்றினால் மறுபடி அறிவிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கால அட்டவணையில் முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது.

கடைசியாக, டெப். படிவம் தயாரிக்கும் KoboToolbox தளத்தில் திருத்தி மறுபடி வெளியிட்டாலும், கள டெப்பில் பழைய படிவம் அப்படியே இருக்கலாம். ஒவ்வொரு டெப்பிலும் புதிதாக இறக்கிப் பழையதை அழிக்க வேண்டும். நாள் எண்ணிக்கைக் கேள்விக்கு இந்தக் கட்டுப்பாட்டையும் போட்டுவிடுங்கள். எங்கள் படிவம் ஒன்றில் 7 நாளுக்கு 12 நாள் கடலுக்குப் போனவர் இருந்தார்.

```
constraint:  . >= 0 and . <= 7
```

முதல் நாள் மாலையே தரவை இறக்கி `__version__` நிரலைப் பாருங்கள். அன்றைய பதிவுகளில் இரண்டு வேறு பெறுமதிகள் தெரிந்தால், யாரோ ஒருவர் இன்னும் "சராசரி மாத வருமானம்" கேட்டுக்கொண்டிருக்கிறார்.