இரண்டு ரவுண்டும் ஒன்றுதானா? – நாட்குறிப்பு

மார்ச் 3
பில் நிரலைப் பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றுகிறேன்; இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்வது இரண்டிலும் ஒரே விடை தருகிறதா என்று பார்க்க வேண்டும். பழையது பைத்தானின் `round(x, 2)`. புதியது ஜாவாஸ்கிரிப்டில் `Math.round(x*100)/100`. 0 முதல் 1000 வரை சீரற்ற எண்கள் பத்து லட்சம் கொடுத்தாயிற்று. ஒரு வேறுபாடும் இல்லை.

மார்ச் 4
அந்தப் பத்து லட்சத்தை நம்பக் கூடாது. சண்டை வரும் இடம் சரிபாதி, அதாவது கீழே உள்ள விடைக்கும் மேலே உள்ள விடைக்கும் நட்டநடுவில் நிற்கும் எண். இரண்டு தசமத்துக்கு இரும எண்ணில் துல்லியமான சரிபாதி என்றால், பின்னம் .125, .375, .625, .875 ஆக இருக்க வேண்டும். சீரற்ற தேர்வு அங்கே போய் விழவே விழாது. கையால்தான் எழுத வேண்டும்.

```
 x        பைத்தான்   ஜாவாஸ்கிரிப்ட்
 0.125     0.12      0.13
 0.375     0.38      0.38
-0.125    -0.12     -0.12
-0.375    -0.38     -0.37
```

பைத்தான் சரிபாதியை, கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கம் தள்ளுகிறது. `Math.round` எப்போதும் மேல்நோக்கி, அதாவது கூட்டல் முடிவிலியின் திசையில். அதனால் நேர் எண்ணில் ஒத்துப்போன 0.375, குறி மாறியதும் பிரிகிறது. நேர் எண்களை மட்டும் சோதித்தால் இது தெரியாது. பில்லில் திருப்பிக் கொடுக்கும் தொகைகள் எல்லாமே எதிர் எண்கள்!

மார்ச் 5
2.675.

மார்ச் 6
நேற்று முழுக்க இதுதான். பைத்தான் 2.67, ஜாவாஸ்கிரிப்ட் 2.68. இது சரிபாதியே அல்ல. நினைவகத்தில் உள்ள மதிப்பு 2.67499999999999982… என்று போகிறது. பைத்தான் அந்த உண்மை மதிப்பைப் பார்த்துக் கீழே இறக்குகிறது. மற்றதில் 100-ஆல் பெருக்கும்போதே விடை அருகிலுள்ள எண்ணுக்கு நகர்ந்து, சரியாக 267.5 ஆகிவிடுகிறது. பாதியை உண்டாக்குவது பெருக்கல்தான், `Math.round` மேல் குற்றமில்லை.

1.005-இல் இரண்டும் 1 என்கின்றன. அங்கே பெருக்கல் 100.49999999999999 தருகிறது. ஒத்துப்போவது தற்செயல். ஆகவே ஒரு மாதிரி எண் போதாது: 0.005, 0.015 என்று 5-இல் முடியும் மூன்று தசம எண்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் `math.nextafter` கொண்டு முன்னும் பின்னும் உள்ள அண்டை எண்களையும் சேர்க்க வேண்டும். உள்ளீடு இரு பக்கமும் ஒரே 64 பிட்டாகப் போகட்டும்.

மார்ச் 8
-0.001. விடையை எழுத்தாக மாற்றினால் பைத்தானில் `-0.0`, மற்றதில் `0`. ஆனால் பிட்டுகள் ஒன்றே. இரண்டும் எதிர்ச் சுழியம்தான். எழுத்தாக ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு தெரியும். `==` போட்டால் குறி வேறுபட்டாலும் தெரியாது, NaN தன்னோடே பொருந்தாது. முடிவுகளின் பிட்டுகளைப் பதினாறடிமான இலக்கமாக எழுதி ஒப்பிடுவதே சரி. NaN-ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9
2.675-ஐப் பைசாவாக, முழு எண்ணாக வைத்தால்? மூன்றாம் தசமம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வரி விகிதத்திலிருந்தா?