ஒரே கடை, இரண்டு விலை: இரு விநியோகத்தர் பட்டியல்களைப் பொருத்திய கதை

மிகக் குறைந்த விலை: 0 ரூபாய். நான் முதன்முதலாகச் செய்து முடித்த ஒப்பீட்டுத் தாளின் உச்சியில் இப்படித்தான் இருந்தது. எங்கள் நிர்வாகி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, இவர் நமக்குத் தாளைச் சும்மா தருகிறாரா?" என்று கேட்டார். அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். உண்மையான சிக்கல் அதற்கு முன்பே, கடைகளின் பெயர்களில் தொடங்கிவிட்டது.

நான் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு கிளை, கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை. மாணவர்களுக்கான குறிப்புகளை அச்சடிக்க இரண்டுமே 80 கிராம் ஏ4 தாளை மாதாமாதம் பெட்டி பெட்டியாக வாங்குகின்றன. பெரும்பாலும் புறக்கோட்டை, மலிபன் வீதிப் பக்கம்தான். ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு விநியோகத்தர் பட்டியலை எக்செலில் வைத்திருந்தது. வெள்ளவத்தைப் பட்டியலில் 64 நிரைகள், கொட்டாஞ்சேனைப் பட்டியலில் 51. இரண்டையும் சேர்த்து யாரிடம் விலை குறைவு என்று பார்ப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் பிடித்தது.

பெயரை அப்படியே வைத்து XLOOKUP போட்டபோது பொருந்தியவை ஒன்பது மட்டுமே. காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு பட்டியலில் (Pvt) Ltd, மற்றதில் PRIVATE LIMITED. ஒன்றில் &, மற்றதில் And. புள்ளிகள், இரட்டை இடைவெளிகள். இவற்றைச் சீராக்க, அசல் பெயரைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புதிய நிரலைச் சேர்த்தேன்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(A2),CHAR(160)," "),"."," "))
```

இதில் உள்ள CHAR(160) என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டிய பெயர்களில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக வேறொரு இடைவெளி இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. TRIM அதை அகற்றாது. இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால், LEN போட்டு நீளத்தை எண்ணிப் பார்த்த பிறகும் காரணம் புரியவில்லை என்றால், பெரும்பாலும் இதுதான். அடுத்ததாக அடைப்புக்குறிகளையும் PVT, LTD, PRIVATE, LIMITED போன்ற சொற்களையும் இதே SUBSTITUTE முறையில் கழித்து, & ஐ AND ஆக மாற்றி, மீண்டும் TRIM போட்டேன்.

இதைச் செய்துவிட்டு ஒவ்வொரு பட்டியலையும் தனித்தனியாக அகரவரிசைப்படுத்தியபோது, அதுவரை நான் யோசிக்காத ஒன்று தெரிந்தது. ஒரே பட்டியலுக்குள்ளேயே சில கடைகள் இரண்டு தடவை இருந்தன. 64 நிரைகளில் உண்மையில் 61 கடைகள்தான். 51 என்பது 50. XLOOKUP முதலில் கண்ட நிரையோடு நின்றுவிடும். இரண்டாவது நிரையில் புதிய விலை இருந்தாலும் அதைப் பார்க்காது. இதை நான் இரண்டாவது வேலையாகச் செய்தேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு பொருந்தியவை 23 ஆயின. மீதிப் பெயர்கள் உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகளில் இருந்தன. ஓர் உதாரணம். பெயரைச் சற்று மாற்றியிருக்கிறேன்:

```
Sri Luxmi Stationers (Pvt) Ltd
SREE LETCHUMI STATIONERS PVT LTD
```

இரண்டும் ஒரே கடை. இலட்சுமியை ஆங்கிலத்தில் எழுத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. தமிழில் க ஒன்றே இரண்டு ஒலிகளுக்கும் வருவதால் Kanesan, Ganeshan இரண்டும் ஒருவரே. Thurai, Durai அப்படியே. கடைக்காரர் பதிவில் ஒரு விதமாக எழுதுவார், பெயர்ப்பலகையில் வேறு விதமாக எழுதுவார். தொலைபேசியில் கேட்டு எழுதும் நம் ஊழியர் மூன்றாவது விதமாக எழுதுவார்.

எக்செலின் Power Query இல் தோராயப் பொருத்தம் செய்யும் வசதி இருக்கிறது. Merge சாளரத்தில் அதற்கான பெட்டியைத் தெரிவு செய்தால், இரண்டு பெயர்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0 முதல் 1 வரை மதிப்பிட்டு, நாம் வைத்த எல்லைக்கு மேல் உள்ளவற்றை இணைக்கும். எல்லை தானாக 0.8 இல் இருக்கும். நான் அதையே நம்பி மொத்தப் பட்டியலையும் ஓட்டப் பார்த்தேன். நல்லவேளையாக விடையை ஒருமுறை வாசித்தேன். Luxmi Stationers உம் New Luxmi Stationers உம் ஒன்றாகிவிட்டிருந்தன.

கொழும்பில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த New என்ற சொல்லின் பொருள் தெரியும். அண்ணன் தம்பி பிரிந்தால், வெளியேறியவர் பத்துக் கடை தள்ளி அதே பெயரின் முன்னால் New போட்டுத் திறப்பார். கணினிக்கு அது மூன்று எழுத்து வித்தியாசம். இரண்டு கடைக்காரர்களுக்கும் அது பேச்சுவார்த்தை இல்லாத இருபது வருடம். Letchumi உம் Luxmi உம் ஒரே ஆள் என்பதைக் கண்டுபிடிக்காத கருவி, இந்த இருவரையும் சேர்த்து வைத்தது. எல்லையைக் குறைத்தால் தவறான இணைப்புகள் கூடின, கூட்டினால் சரியானவை விடுபட்டன. எழுத்தின் ஒற்றுமை மட்டும் போதாது, வேறு சாட்சி வேண்டும் என்று அப்போது விளங்கியது.

அந்தச் சாட்சி தொலைபேசி எண். இரண்டு பட்டியல்களிலும் அது இருந்தது, ஆனால் ஒரே வடிவில் இல்லை. ஒன்றில் 011 உடன் இடைவெளி விட்டு எழுதியிருந்தார்கள். மற்றதில் +94 உடன். சில கலங்களில் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள 0 ஐ விழுங்கிவிட்டது. கடைசி 9 இலக்கங்களை மட்டும் எடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),9)
```

ஒரு கலத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். இதனால் மேலும் எட்டுக் கடைகள் பொருந்தி, மொத்தம் 31 ஆனது. தொலைபேசி எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரு முதலாளியின் இரண்டு நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பாவிப்பதுண்டு. சந்தேகம் வந்த இடங்களில் பழைய பில்களைத் தேடி எடுத்து வற் பதிவிலக்கத்தைப் பார்த்தேன். அது வேறானால் நிறுவனமும் வேறு.

கொட்டாஞ்சேனைப் பட்டியலில் இன்னும் 19 கடைகள் மீதி இருந்தன. இப்போதுதான் தோராயப் பொருத்தத்தை மீண்டும் எடுத்தேன், ஆனால் இந்த 19 பெயர்களுக்கு மட்டும், அதுவும் தீர்ப்பாக அல்ல, யோசனையாக. அது ஏழு ஜோடிகளைக் காட்டியது. பில்லோடு ஒப்பிட்டால் மூன்றுதான் சரி. அதன் பிறகு கொஞ்சம் பழைய பாணியில் ஒன்று செய்தேன். இரண்டு பட்டியல்களிலும் மீதியிருந்த பெயர்களை வாய்விட்டு வாசித்து, பக்கத்தில் ஒரு நிரலில் தமிழில் எழுதினேன். Sree Letchumi உம் Sri Luxmi உம் ஸ்ரீ இலட்சுமி ஆகிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. இதையும் சேர்த்து அப்படி இரண்டு கிடைத்தன. மொத்தம் 36. இந்த இலட்சுமியின் தொலைபேசி எண் முதலிலேயே ஏன் அகப்படவில்லை என்றால், ஒரு பட்டியலில் கடை எண்ணும் மற்றதில் கைபேசி எண்ணும் இருந்தன.

கண்டுபிடித்த எதையும் அசல் பட்டியலில் திருத்தி எழுதவில்லை. தனித் தாளில் ஒரு பக்கம் பெயர் எழுதப்பட்டிருக்கும் விதம், மறுபக்கம் நான் கொடுத்த S001, S002 போன்ற குறியீடு. அடுத்த மாதம் அதே எழுத்துப்பிழையோடு புதிய பட்டியல் வந்தாலும் இந்தத் தாள் அதை அடையாளம் காணும். இரண்டு பட்டியல்களையும் இணைத்தது இந்தக் குறியீட்டைக் கொண்டுதான். இணைத்த தாளில் 61 + 50 − 36 = 75 நிரைகள் வர வேண்டும். கூடினால் எங்கோ ஒரு கடை இரட்டித்திருக்கிறது. குறைந்தால் ஒரு கிளையில் மட்டும் உள்ள கடைகளைத் தொலைத்திருக்கிறோம். எனக்கு முதல் தடவை 61 தான் வந்தது, கொட்டாஞ்சேனைக்கு மட்டுமே உரிய 14 கடைகளைக் காணவில்லை. Merge இல் Full Outer ஐத் தெரிவு செய்த பிறகு 75 ஆனது.

இனி விலை. வெள்ளவத்தைப் பட்டியலில் விலை ஐந்து பக்கெட் கொண்ட பெட்டிக்கு, வற் சேர்த்து. கொட்டாஞ்சேனையில் ஒரு பக்கெட்டுக்கு, பெரும்பாலும் வற் சேர்க்காமல். எங்கள் நிலையம் வற் பதிவில் இல்லை. கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லாததால் கையிலிருந்து போகும் முழுத்தொகைதான் எங்களுக்கு விலை. எனவே ஒவ்வொரு நிரையிலும் D இல் உள்ள விலை எத்தனை பக்கெட்டுக்கு உரியது என்பதை E இலும், வற்றின் நிலையை F இலும் எழுதினேன். சேர்ந்திருந்தால் IN, சேராவிட்டால் EX, கடை வற் பதிவே இல்லாததென்றால் NO.

```
=IF(D2="","",D2/E2*IF(F2="EX",1.18,1))
```

முன்னால் உள்ள D2="" என்ற சோதனை முதல் தாளில் இல்லை. விலை எழுதாத வெற்றுக் கலத்தை எக்செல் 0 என்று கணக்கிட்டு, அந்தக் கடையை மலிவுப் பட்டியலின் உச்சியில் உட்கார வைத்தது. நிர்வாகியின் சும்மா தாள் அதுதான். இதற்கு நேர்மாறான கோளாறும் இருந்தது. 1,650/= என்று எழுதிய விலைகளை எக்செல் சொற்களாகவே எடுத்துக்கொண்டது. அந்த நிரைகளில் சூத்திரம் #VALUE! என்ற பிழையைத் தந்ததால், விலைப்படி வரிசைப்படுத்தியபோது அவை சத்தமில்லாமல் பட்டியலின் அடிக்குப் போய்விட்டன. பூச்சியமாவது கண்ணில் குத்தியது, இது குத்தவே இல்லை. வெள்ளவத்தைப் பட்டியலில் மூன்று விலைகள் 2023 ஆம் ஆண்டுக்குரியவை. அப்போது வற் 15 வீதம், 2024 ஜனவரி 1 முதல் 18. அவற்றை மாற்றிக் கணக்கிடாமல் பழையவை என்று குறித்து ஒதுக்கிவிட்டேன். வரி வீதத்தைத் திருத்தலாம், அன்றைய தாள் விலையை எப்படித் திருத்துவது?

இலட்சுமி கடைக்கு வருவோம். வெள்ளவத்தைக்குப் பெட்டி 9,440 ரூபாய், வற் சேர்த்து. ஆக, பக்கெட் 1,888. கொட்டாஞ்சேனைக்குப் பக்கெட் 1,650, வற் சேர்க்காமல். வெறும் கண்ணால் பார்த்தால் கொட்டாஞ்சேனைக்குத்தான் மலிவு. வற் சேர்த்தால் 1,947. அதே கடை, அதே தாள், பக்கெட்டுக்கு 59 ரூபாய் வித்தியாசம். வற் பதிவில்லாத ஒரு சின்னக் கடை 1,700 ரூபாய்க்குத் தருவதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவரால் மாதத்துக்கு நாற்பது பெட்டி தர முடியாது.

நிர்வாகி உடனே இலட்சுமி கடை முதலாளியை அழைத்தார். ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு விலை என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "கோபிக்காதீர்கள் சேர். வெள்ளவத்தைக்காரர் பெட்டிக் கணக்கில் எடுக்கிறார் என்று குறைத்துப் போட்டேன். கொட்டாஞ்சேனை உங்களுடையது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கொம்பியூட்டரில் உங்கள் நிலையத்தின் பெயர் இரண்டு விதமாக அல்லவா இருக்கிறது?"