இழுப்பு

"இது மடிப்பு இல்லை தம்பி, இழுப்பு" என்று, நான் எடுத்த படத்தில் சட்டையின் மார்பில் விழுந்த கோட்டைக் காட்டி, சட்டைக்கு வெட்டு வரையும் பேட்டர்ன் மாஸ்டர் சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நடக்கும்போது எல்லாச் சட்டையும் இப்படித்தான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மாடலை மறுபடியும் தொடக்கப் புள்ளிக்குப் போகச் சொன்னேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப் திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்த அளவு நாடாவை எடுத்தார், ஏதோ நினைத்துக்கொண்டு அதை மறுபடியும் உள்ளே வைத்துவிட்டார். அந்த நாடா உள்ளே போனது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருந்தது. வெகுநாள் நான் நம்பிய பதில். சாதாரணச் சட்டைப் படங்களில் துணி அட்டையைப் போல நிற்கும். மார்பில் ஒரு கோடு இருக்காது, முழங்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்படி ஒரு சட்டையை எந்த மனிதனும் பத்து நிமிடத்துக்குமேல் அணிந்திருக்க முடியாது. புதிய ஆடைகளைக் காட்டும் படத்தொகுப்பான இந்த லுக்புக்கில் அது வேண்டாம், கூட்டமான தெருவில் நடந்து போகும் ஒருவனின் சட்டை எப்படி இருக்குமோ அப்படியே வேண்டும் என்று வாடிக்கையாளரே கேட்டிருந்தார். எனக்கு அது கொண்டாட்டம். இயல்பான மடிப்புக்காக நான் பலரோடு வாதாடியிருக்கிறேன். அன்று கடைசியில் எனக்கு ஆதரவாக ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருந்தார். மாஸ்டர் பேசியது எனக்கு அந்தப் பழைய வாதத்தின் எதிர்த்தரப்பாகத்தான் கேட்டது.

இயல்பான மடிப்பு தானாக வந்துவிடாது. பெட்டியிலிருந்து எடுத்த சட்டையில் இருப்பவை அட்டையைச் சுற்றி மடித்த கோடுகள். நேராக, கட்டம் கட்டமாக, மார்பின் குறுக்கே ஓடும். அவை உடம்போடு சம்பந்தமில்லாதவை என்று பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே முதலில் நீராவி இஸ்திரியால் அவற்றை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிறகுதான் கசக்க வேண்டும். அதையும் கையால் செய்யக்கூடாது. சட்டையைப் போட்டுக்கொண்டு மாடல் ஐந்தாறு நிமிடம் நடந்தார், உட்கார்ந்து எழுந்தார், போனைக் காதில் வைத்துப் பேசினார். பருத்தி இழையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உடம்பின் ஈரத்திலும் சூட்டிலும் விட்டுப்போய், துணி வளைந்த நிலையிலேயே மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் முழங்கை மடங்கும் இடத்தில் விசிறிபோலச் சுருக்கம் விழுகிறது, பெல்ட்டுக்கு மேலே மெல்லிய அலை நிற்கிறது. இந்த மடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டு உண்டு, ஓர் அசைவு உண்டு.

அந்தச் சட்டை வெளிர்நீல பாப்ளின், உடம்பை ஒட்டிய வெட்டு. நாங்கள் எடுத்த வரிசையில் ஏழாவது. நான் 135 மில்லிமீட்டர் லென்ஸோடு நடைபாதையின் மறுகோடியில் இருந்தேன். மாடல் என்னை நோக்கி நடந்துவந்தார். பின்னால் கூட்டம் மங்கித் தெரிய வேண்டும், ஆனால் துணியின் நெசவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால் ஷட்டரை 1/800 நொடியில் வைத்திருந்தேன். மனிதன் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு வைக்கிறான். கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுத்தது. அதாவது ஓர் எட்டுக்கு ஐந்து படங்கள். குதிகால் தரையைத் தொடும் கணமும், உடல் முழுவதும் ஒரு காலின்மேல் நிற்கும் கணமும், பின்னங்கால் விரலால் உந்தும் கணமும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். நல்ல படம் பெரும்பாலும் முதல் கணத்தில்தான் இருக்கும். அப்போதுதான் கால்களும் கைகளும் அகலமாகப் பிரிந்திருக்கும்.

மாஸ்டர் காட்டிய கோடு மூன்றாவது பட்டனிலிருந்து கிளம்பி, சாய்வாக மேலேறி, இடது கையை உடலோடு சேர்த்துத் தைக்கும் ஆர்ம்ஹோலில் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் விழுந்த காலை வெயிலில் அந்தக் கோட்டுக்கு ஓர் ஓரம் வெளிச்சம், ஓர் ஓரம் நிழல். அது சட்டைக்குள் ஓர் உடம்பு இருக்கிறது என்று சொன்னது. அந்தப் படத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். லுக்புக்கிலும் அதுதான் வந்தது, கோட்டில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல்.

சில வாரங்கள் கழித்து, அடுத்த படப்பிடிப்பு பற்றிப் பேச உற்பத்திப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். பேச்சின் நடுவே, "அந்த நீலச் சட்டையின் முதுகு அகலத்தை மாஸ்டர் அரை அங்குலம் கூட்டிவிட்டார், உங்கள் படத்தைப் பார்த்துத்தான்" என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். அன்று இரவு மூலப் படங்களைத் திறந்தேன்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கும் புரியும். கை பின்னால் போகும்போது மார்புத் துணி இறுகும், பட்டனிலிருந்து ஆர்ம்ஹோல் வரை கோடு விழும். கை முன்னால் வரும்போது அந்த இறுக்கம் முதுகுக்குப் போய்விடும், மார்பில் துணி தளர்ந்து கோடு கலைய வேண்டும். அடுத்த எட்டில் மறுபடியும் வரும். அசைவோடு வந்து அசைவோடு போவது மடிப்பு. இந்தக் கோடு போகவில்லை. இடது கை முன்னால் வந்த படங்களிலும், இரண்டு கைகளும் தொங்கிய படங்களிலும் அதே இடத்தில், அதே சாய்வில் நின்றது. துணி எங்கோ போதாமல், ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரே ஒரு படத்தைப் பார்த்துச் சொன்னதை நான் நாற்பது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கண்டேன்.

இத்துடன் முடிந்திருந்தால் அவர் சொன்னது சரி, நான் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருப்பேன். ஆனால் அந்த வரிசைக்கு முன்னால் வேறு சில படங்கள் இருந்தன. நடப்பதற்கு முன், அதே சட்டையில், நின்ற நிலையில் எடுத்தவை. அவற்றுக்காக ஸ்டைலிஸ்ட் முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே துணியை ஒரு பிடி பிடித்துக் கிளிப் போட்டிருந்தார். நின்ற படத்துக்கு அது எல்லோரும் செய்வதுதான். முன்புறம் சட்டை உடம்போடு சீராக அமரும். நடக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முதுகில் பிடிபட்ட துணி தோள்களைப் பின்னுக்கு இழுக்கும். மார்பில், மூன்றாவது பட்டனிலிருந்து ஆர்ம்ஹோலுக்கு, போகாத ஒரு கோடு விழும்.

கடைசி நின்ற படத்துக்கும் முதல் நடைப் படத்துக்கும் இடையில் கோப்புகளில் பதிவான நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நான்தான் அவசரப்படுத்தினேன். நடையின் முடிவில் மாடல் திரும்பும் ஒரு படம் இருக்கிறது. முதுகு பாதி தெரிகிறது, ஆனால் குவியத்துக்கு வெளியே. தோள்பட்டைகளுக்கு நடுவே சிறிய கருமையான ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். கிளிப்பாக இருக்கலாம், ஒரு மடிப்பின் நிழலாகவும் இருக்கலாம்.

ஸ்டைலிஸ்டிடம் கேட்டேன். "நடை என்றால் நான் எப்போதும் எடுத்துவிடுவேன்" என்றார். "எப்போதும்" என்ற சொல் எனக்கு உதவவில்லை. அந்த ஒரு நாள், அந்த ஒரு சட்டை என்று அழுத்திக் கேட்டால் அது குற்றம் சாட்டுவதாகிவிடும். அவரைக் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கிளிப் இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டிய கண் என்னுடையது.

மாஸ்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணங்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறேன். எனக்கே உறுதியில்லாத ஒன்றைச் சொல்லி என்ன பயன்? வெயில் பக்கவாட்டில் இருந்ததால் சின்ன இறுக்கம்கூடப் பெரிதாகத் தெரிந்திருக்கலாம். மாடலின் மார்பு மாதிரிச் சட்டையின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றும் ஒரு பேச்சு இருந்தது. மேலும், கூட்டிய அரை அங்குலம் அணிகிறவருக்கு நல்லதாகவே இருக்கலாம். கையை நீட்டி எதையாவது எடுக்கும்போது சுகமாக இருக்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் அடிப்படை அளவில் பேட்டர்னை மாற்றினால் அந்த மாற்றம் எல்லா அளவுகளுக்கும் போகும் என்பதும் உண்மை. ஒருவேளை குறையே இல்லாத ஒரு வெட்டை, என் படத்தில் இருந்த ஒரு கிளிப்பை நம்பி அவர் மாற்றியிருக்கிறார். அன்று நான் அவரோடு நின்று, "எங்கே இழுக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால், அவர் மாடலைத் திருப்பி முதுகைப் பார்த்திருப்பார். அரை நிமிடம் போயிருக்கும். நாடாவை எடுத்ததே அதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுபடியும் யோசித்தால், அவர் தன் குறை என்று எடுத்துக்கொண்டதும் நான் என் குறை இல்லை என்று ஒதுக்கியதும் ஒரே கோட்டைப் பார்த்துத்தான். இயல்பான மடிப்பு என்ற சொல்லை நான் ஒரு கேடயமாகப் பிடித்திருந்தேன். ஆனாலும் அந்தப் படம் நல்ல படம் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. அதையும் மறைக்க முடியவில்லை.

அடுத்த படப்பிடிப்புக்கு மாஸ்டர் வந்திருந்தார். திருத்திய நீலச் சட்டையை அவரே மாடலுக்குப் போட்டு, காலர் பட்டனை மாட்டி, "கையை வீசுங்கள்" என்றார். மார்பில் கோடு விழுந்தது, கலைந்தது, விழுந்தது, கலைந்தது. "பாருங்கள் தம்பி, இழுப்பு போய்விட்டது" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. கிளிப் எதுவும் இல்லாத முதுகு அது. எனவே எனக்கு எதுவும் நிரூபணமாகவில்லை.

நின்ற நிலையில் பார்த்தபோது முதுகில் துணி கொஞ்சம் உப்பி நின்றது. ஸ்டைலிஸ்ட் கிளிப்போடு வந்தார். "வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு ஸ்டைலிஸ்டின் கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.